ஊறுகாயைத் தொட்ட பிறகு

"தூரமானவள் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் என் தலைமுறையில் குறைவு. எங்கள் வீட்டில் மாவடு ஜாடியும் உப்பு நாரத்தங்காய் ஜாடியும் சாமி படங்களுக்கு அடுத்த பரணில் இருந்தன. மாதத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஜாடியில் வெள்ளை பூத்துவிட்டால் அம்மா முதலில் உப்பைப் பற்றி யோசிக்கமாட்டார். வீட்டில் இருந்த மூன்று பெண்களின் தேதிகளைத்தான் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார்.

2014-இல் ஒரு சானிட்டரி நாப்கின் நிறுவனம் இந்த வாக்கியத்தையே எடுத்து விளம்பரமாக்கியது. விஸ்பர் நாப்கினுக்கான 'ஊறுகாயைத் தொடு' என்ற அந்தப் பிரச்சாரத்துக்கு அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில், பால் பாகுபாட்டை எதிர்க்கும் விளம்பரங்களுக்காகப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட கிளாஸ் லயன் பிரிவின் முதல் உயரிய பரிசு கிடைத்தது. வகுப்பில் அதைக் காட்டிப் பேசியிருக்கிறேன். மாணவிகள் சிரித்தார்கள், சிலர் அன்று மாலையே வீட்டில் ஜாடியைத் தொட்டுவிட்டு வந்து சொன்னார்கள். அந்தச் சிரிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அதில் ஊறுகாய் ஏற்கெனவே ஜாடியில் இருக்கிறது. மாங்காய் வெட்டியது யார், வெயிலில் எடுத்து வைத்தது யார் என்ற கேள்வி அதற்குள் இல்லை. தொடுவது விடுதலை என்கிறது. ஆண்டு முழுக்கத் தொட்டுக்கொண்டே இருப்பவளைப் பற்றி அது பேசவில்லை.

இதற்கு நேர் எதிரே இன்னொரு வாக்கியம் இருக்கிறது. கடையில் வாங்கும் ஊறுகாய் பாட்டில்களில் அது அச்சாகியிருக்கும்: 'அம்மாவின் கைப்பக்குவம்', 'பாட்டியின் கைமணம்'. ஒரு வாக்கியம் பெண்ணின் கை பட்டால் கெடும் என்கிறது. மற்றது பெண்ணின் கை பட்டதால்தான் ருசி என்கிறது. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் கையை மாயமான ஒன்றாக ஆக்கிவிடுகின்றன. மாயத்துக்கு அளவும் கிடையாது, நேரமும் கிடையாது, கூலியும் கிடையாது. ஊறுகாய் ஒரு தொழிலாகும்போது இந்த மாயம் எப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறது என்பதையே இக்கட்டுரை வாசிக்க முயல்கிறது.

*

திண்டுக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் ஒரு ஊர். மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர். தோப்புகளில் ஒன்றுகூட இந்தக் கதையில் வருகிறவர்களுக்குச் சொந்தமில்லை. ஆறு பெண்கள் சேர்ந்து வெட்டு மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகள் என் மாணவி. விண்ணப்பம் எழுதித்தரத்தான் என்னை அழைத்தார்கள். போகப் போக அவர்களுடைய நோட்டுகளையும், பயிற்சியில் கொடுத்த கையேட்டையும், திட்ட அறிக்கையையும் வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. தமிழ் படித்தவளுக்கு எதுவும் பிரதிதான்.

அவர்கள் செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு 100 கிலோ மாங்காய். அடிபடாத, நன்றாக முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காய். உள்ளே மஞ்சள் படர்ந்துவிட்டால் புளிப்பு குறைந்துவிடும்; துண்டும் சீக்கிரம் குழைந்துவிடும். கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, காற்றில் ஈரம் போக விட்டு, அரிவாள்மனையில் வெட்டி, கொட்டையும் அடிபட்டதும் கழிந்தால் கையில் நிற்பது 66 கிலோ துண்டு. அதற்கு 10 கிலோ கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி ஜாடிகளில் வைத்து வாயில் வேடு கட்டுகிறார்கள். ஐந்து நாள் வெயில். தினமும் குலுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மிளகாய்த்தூள் 5 கிலோ, வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும், பெருங்காயம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் 12 லிட்டர். வெயிலில் போனது போக ஏறக்குறைய 90 கிலோ ஊறுகாய். 300 கிராம் பாட்டிலில் 300 பாட்டில்.

இதில் மாயம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனால் அறிவு இருக்கிறது. 66 கிலோ மாங்காய்த் துண்டில் 56 கிலோ போலத் தண்ணீர்தான். ஊறுகாயைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தண்ணீரில் வாழ்கின்றன. 10 கிலோ உப்பு அந்தத் தண்ணீரில் கரையும்போது நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவில் உப்புநீர் உண்டாகிறது. தண்ணீர் இருக்கும், ஆனால் அவற்றுக்குப் பயன்படாது. அவற்றின் உடம்பிலிருக்கும் நீரையும் உப்பு வெளியே இழுத்துவிடும். மாங்காயின் புளிப்பு இன்னொரு காவல். வெயில் தண்ணீரைக் குறைத்து உப்புநீரை மேலும் கெட்டியாக்குகிறது. எண்ணெயில் உப்பு கரையாது. அதன் வேலை வேறு. மேலே ஓர் அடுக்காக நின்று காற்றை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அது. எண்ணெய் ஊறுகாயில் எண்ணெய் நூற்றுக்குப் பத்தாவது இருக்க வேண்டும், அல்லது துண்டுகளுக்கு மேல் அரை சென்டிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்வதற்குக் காரணம் இதுதான். எங்கள் அம்மா 'எண்ணெய் மெதக்கணும்டீ' என்று சொன்னதும் இதையேதான்.

வீட்டில் இரண்டு கிலோ போடும்போது கை உப்பை அளக்கும், நாக்கு சரிபார்க்கும். 66 கிலோவில் நாக்கு பொய் சொல்லும். ஜாடியின் அடியில் உப்பு தங்கி மேலே குறைந்திருக்கும். ருசி பார்த்தவள் எங்கே கரண்டியை விட்டாள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். தராசு கட்டாயமாவது இங்கேதான். 'கைப்பக்குவம்' என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி இந்த அளவுகளை உடம்பால் நினைவில் வைத்திருந்த திறமை. அதைத் திறமை என்று சொல்லியிருந்தால் கூலி கேட்டிருப்பார்கள். கைராசி என்று சொன்னதால் கேட்கவில்லை.

*

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அந்தப் பருவத்தின் முதல் தவணையில் விற்ற பாட்டில்கள் சில மூன்றே வாரத்தில் கடையிலிருந்து திரும்பி வந்தன. மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு படலம். பதினைந்து பாட்டில்.

நான் போனபோது ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், பேச்சு நின்றுபோயிருந்தது. குழுவில் மூத்த அம்மா மட்டும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கெட்டதுக்குக் காரணம் இருக்கு டீச்சர். பாட்டில் போட்ட அன்னைக்கு ஒருத்தி வீட்டுக்குத் தூரம். சொல்லாம உள்ள வந்துட்டா." அந்த ஒருத்தி ஆறு பேரில் இளையவள். சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஷ்டம் பதினைந்து பாட்டில். ஆனால் அவளை அடுத்த தவணைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அந்த விளம்பரத்தை அங்கே நான் நினைத்துக்கொண்டேன். 'தொட்டால் கெடாது, அது மூடநம்பிக்கை' என்று நான் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள், படித்தவள் சொல்கிறாள் என்று. ஆனால் பதினைந்து பாட்டில் கெட்டிருக்கிறதே, அதற்கு என் பதில் என்ன? காரணம் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டால் பழைய காரணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நோட்டு உதவியது. பாட்டிலில் தவணை எண் அச்சிட வேண்டும் என்ற விதிக்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் என்றைக்கு என்ன செய்தோம் என்று அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். ஊறுகாயை இரண்டு நாளில் நிரப்பியிருக்கிறார்கள். முதல் நாள் 180 பாட்டில், இரண்டாம் நாள் 120. கெட்டுப்போன பதினைந்தும் இரண்டாம் நாள் எண் போட்டவை. அந்த இளைய பெண் வந்திருந்ததோ இரண்டு நாளும். ஊறுகாயும் ஒன்றே: எல்லா ஜாடிகளையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்து, அதிலிருந்துதான் முந்நூறும் நிரப்பியிருக்கிறார்கள். கை பட்டுத்தான் கெட்டது என்றால் அண்டா முழுவதும் கெட்டிருக்க வேண்டும். முதல் நாள் பாட்டில்களும் கெட்டிருக்க வேண்டும். 285 பாட்டில் நன்றாக இருக்கிறது. ஆகவே காரணம் அண்டாவில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது.

ஒரு நல்ல பாட்டிலையும் ஒரு கெட்ட பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கெட்டதில் மூடியின் உட்புறம் நீர் முத்துகள். இரண்டு மூன்று துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தன. படலம் அந்த மட்டத்தில்தான். அடியில் இருந்த துண்டு கெட்டியாக, நிறம் மாறாமல் இருந்தது. இரண்டாம் நாளுக்கான பாட்டில்களைக் கழுவிய மாலையில் மழை என்று நோட்டு சொன்னது. பாட்டில்களில் பெரும்பகுதியைத் துணிமேல் கவிழ்த்துவைத்திருக்கிறார்கள். இடம் போதாமல் 24 பாட்டிலை மட்டும் வாய் மேலே பார்க்கத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சாரல் விழுந்ததோ, கழுவிய தண்ணீர் அடியில் நின்றதோ, எப்படியானாலும் அவை உள்ளே காயவில்லை. அந்தச் சில சொட்டுத் தண்ணீர் மூடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஆவியாகி, குளிர்ந்து, மேல்மட்டத்தில் சொட்டி, அங்கே மட்டும் உப்பை நீர்க்கச் செய்துவிட்டது. உப்பைத் தாங்கக்கூடிய ஒருவகை ஈஸ்டுக்கு அந்த மேல்மட்டமும் கொஞ்சம் காற்றும் போதும். வழவழப்பான வெள்ளைப் படலம் அதனுடையது. பஞ்சுபோலப் பச்சையாகவோ கறுப்பாகவோ வளர்ந்திருந்தால் அது பூஞ்சை. குமிழி விட்டு மூடியைத் தூக்கினால் உள்ளேயே புளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், உப்பே குறைந்திருக்கும். வீட்டில் படலத்தை வழித்தெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவார்கள். விற்பனைக்கு அந்தச் சலுகை இல்லை. பதினைந்தையும் குழிதோண்டிக் கொட்டினார்கள்.

அடுத்த தவணைக்கு மூன்று மாற்றம் செய்தார்கள். கழுவி வெந்நீரில் அலசிய பாட்டில்களைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்து, நிரப்பும்முன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. நிரப்பியதும் கரண்டிக் காம்பால் குத்திக் காற்றை வெளியேற்றி, துண்டுகள் அமர்ந்த பிறகு மேலே எண்ணெய் ஊற்றுவது. மழை நாளில் பாட்டில் கழுவாமலிருப்பது. அந்த இளைய பெண் எதுவும் சொல்லவில்லை. மூத்த அம்மா மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "மழைதான் போலிருக்கு" என்றார். அவ்வளவுதான். நோட்டை மட்டும் அந்தப் பெண் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதை எழுதுவது அவள்தான்.

ஒரு பெண்ணைக் குற்றத்திலிருந்து விடுவித்தது கருத்து அல்ல, ஒரு தவணை எண். பெண்ணியம் பேசும் நாம் உணவுப் பாதுகாப்பு விதிகளை அரசாங்கத் தொல்லையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த நாற்பது பக்க நோட்டு அன்று என் எந்தச் சொற்பொழிவையும்விட நன்றாக வாதாடியது.

*

அதே நோட்டைப் பணக் கணக்குக்காகத் திறந்தபோதுதான் இரண்டாவது மாயம் தெரிந்தது.

அந்தத் தவணையின் செலவு இது. மாங்காய் 3,000 ரூபாய். எண்ணெய் 4,200. உப்பு 200. மிளகாய்த்தூள் 1,500. மற்ற பொடிகள் 700. எரிவாயு 400. பாட்டில், மூடி, லேபிள் சேர்த்து ஒன்றுக்கு 17 வீதம் 5,100. போக்குவரத்து 900. மொத்தம் 16,000. கடைக்காரருக்குப் பாட்டில் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கெட்டது போக 285 பாட்டிலுக்கு 19,950. கையில் நின்றது 3,950. திட்ட அறிக்கையின் படிவத்தில் இதை எழுதினால் 'நிகர இலாபம்: சுமார் 25 விழுக்காடு' என்று வரும். வங்கிக்குப் பிடித்தமான எண்.

படிவத்தில் 'கூலி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'சொந்த உழைப்பு' என்று எழுதி எதிரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். அப்படி எழுதச் சொல்லித்தான் பயிற்சியில் கற்பித்தார்களாம். கூலி எழுதினால் இலாபம் குறைந்து தெரியும், கடன் கிடைக்காது.

நான் அந்தக் கோட்டை வாசித்துப் பார்க்க விரும்பினேன். ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நினைவுபடுத்தி மணிக்கணக்கு எழுதினோம். கழுவித் துடைத்தது 18 மணி. வெட்டியது 20. ஐந்து நாள் வெயில் 10. வறுத்துப் பொடித்துக் கலந்தது 16. பாட்டில் கழுவிக் காயவைத்தது 12. நிரப்பித் துடைத்து லேபிள் ஒட்டியது 24. கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கியது 20. நோட்டும் விண்ணப்பமும் 4. இடத்தையும் பாத்திரங்களையும் கழுவியது 10. மொத்தம் 134 மணி. 3,950 ரூபாயை 134-ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய் 48 காசு. எட்டு மணி நேர நாளுக்கு 236 ரூபாய். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். அது இலாபமே இல்லை. கூலி, அதுவும் கண்மாய் வேலைக்குக் கீழான கூலி. படிவம் அதற்கு இலாபம் என்று பெயர் சூட்டியிருக்கிறது.

பாட்டில் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 300 பாட்டிலுக்கு வகுத்தால் ஒரு பாட்டிலில் மாங்காய் 10 ரூபாய். எண்ணெய் 14. கண்ணாடியும் மூடியும் லேபிளும் 17. கைக்குச் சுழி. லேபிளில் பெரிதாக அச்சாகியிருப்பது கைதான்.

பயிற்சிக் கையேட்டை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 'ஐந்து நாட்கள் வெயிலில் வைக்கவும்' என்று அதில் ஒரு வரி. எழுவாய் இல்லாத வாக்கியம். வியங்கோளுக்குத் தமிழில் எழுவாய் தேவையில்லை என்பது இலக்கணம். ஆனால் இந்த வரிக்குள் ஒருத்தி இருக்கிறாள். காலையில் ஜாடிகளைத் தூக்கி மாடியில் வைத்து, வேடு நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, மேகம் இருண்டால் ஓடிப்போய் இறக்கி, பொழுது சாய்ந்ததும் கீழே கொண்டுவந்து, குலுக்கி வைக்கிறாள். வற்றல் போடும் குழுக்களில் இது இன்னும் கூடுதல். மாவற்றலுக்கு வெட்டிப் பரப்பிய துண்டைக் காக்கையிடமிருந்தும் தூசியிடமிருந்தும் காக்க ஒருத்தி கையில் குச்சியோடு நாள் முழுக்க உட்கார வேண்டும். அவள் எதுவும் 'செய்யவில்லை'. ஆகவே கணக்கில் ஏறமாட்டாள். தோலும் கொட்டையும் நீக்கிய ஆறு கிலோ மாங்காய் காய்ந்து ஒரு கிலோவாகிறது. மறைந்துபோன ஐந்து கிலோ தண்ணீரை விலைபேசும்போது வியாபாரி நினைவில் வைத்திருப்பார். அது மறைந்த நாட்களில் மாடியில் இருந்தவளை வைத்திருக்கமாட்டார்.

அதே கையேட்டில் மாம்பழக் கூழுக்கான பக்கங்களில் மொழியே மாறிவிடுகிறது. அங்கே இயந்திரம் வருகிறது. கூழ் பிரிக்கும் இயந்திரத்தின் குதிரைத்திறன், சூடாக்க வேண்டிய வெப்பநிலை, சூடாகவே நிரப்பி மூட வேண்டிய காரணம் எல்லாம் எண்ணோடு இருக்கின்றன. 'ஆபரேட்டர் ஒருவர்' என்று ஒரு மனிதரும் தோன்றுகிறார். அவருக்கு மாதச் சம்பளம் எழுதப்பட்டிருக்கிறது. கூழுக்கு அது நியாயமும்கூட. உப்பும் எண்ணெயும் காக்காத இடத்தில் வெப்பமும் அமிலமும்தான் காவல். அளவு தவறினால் முழுத் தவணையும் புளித்துப் பாட்டில் வெடிக்கும். ஆனால் அளவு தவறினால் கெடுவது ஊறுகாய்க்கும் பொருந்தும்தானே? இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்குச் சம்பளம். அரிவாள்மனையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கோடு. திறமை எங்கே இருக்கிறது என்பதைக் கையேடு முன்பே முடிவுசெய்துவிட்டது.

'மதிப்புக் கூட்டல்' என்ற சொல்லையும் இங்கே சற்று நிறுத்திப் பார்க்கலாம். யார் கூட்டுகிறார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தமிழில் கூட்டுவதும் பெருக்குவதும் கணக்கும்தான், வீட்டு வேலையும்தான். வாசலைக் கூட்டுவதற்கும் எண்ணைக் கூட்டுவதற்கும் ஒரே வினை. ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, மற்றது விடியற்காலையில் விளக்குமாற்றோடு நின்றுவிட்டது. ஊறுகாய்த் தொழிலின் கணக்கில் இவ்விரண்டு கூட்டலும் சந்திக்கின்றன. முதலாவது இரண்டாவதை அடையாளம் காண மறுக்கிறது.

*

தொடுதலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு, தமிழ்நாட்டில் இன்னொன்றைப் பேசாமல் முடிக்க முடியாது. தீட்டு என்ற ஒரே சொல்லை நாம் மாதவிலக்குக்கும் சாதிக்கும் பயன்படுத்துகிறோம். 'ஊறுகாயைத் தொடு' விளம்பரம் இதில் ஒன்றை மட்டும் அறிந்திருந்தது. மூன்று நாள் தொடக் கூடாதவளைப் பற்றி அது பேசியது. எந்த நாளிலும் தொடக் கூடாது என்று வைக்கப்பட்டவளைப் பற்றி அல்ல.

லேபிள் அச்சிடக் கொடுக்கும் நாளில் இது வெளியே வந்தது. தயாரிப்பாளரின் முழு முகவரி லேபிளில் இருக்க வேண்டும் என்பது விதி. கிராமத்தில் முழு முகவரி என்பது தெருப் பெயர். தெருப் பெயர் என்பது சாதி. ஆறு பேரில் நால்வரின் வீடும், ஊறுகாய் போடும் கொட்டகையும் காலனியில் இருக்கின்றன. "ஊர் பேரோட நிப்பாட்டிக்கிட்டா என்ன டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். விதி இடம் தரவில்லை. அப்படியே அச்சிட்டார்கள். உள்ளூரில் இரண்டு மளிகைக் கடைகள் மாதிரிப் பாட்டிலை வாங்கி, திருப்பிப் பார்த்து, 'இப்ப வேண்டாம், சொல்லியனுப்புறோம்' என்று வைத்துவிட்டன. அதே கடைகளின் அலமாரியில் அக்ரகாரத்தின் பெயரைச் சொல்லி விற்கும் ஊறுகாய்கள் இருந்தன. அங்கே முகவரிதான் விளம்பரம். அந்த 900 ரூபாய்ப் போக்குவரத்தும் 20 மணி நேர அலைச்சலும் எப்படி வந்தன என்று இப்போது விளங்கும். டவுனுக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே தெருப் பெயர் யாருக்கும் எதுவும் சொல்லாது என்பதால். சாதிக்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு கிடையாது. அது போக்குவரத்துச் செலவாகப் பதிவாகிறது.

ஆகவே 'கைமணம்' என்று அச்சடிக்கும்போது எல்லாக் கைகளையும் அச்சடிப்பதில்லை. வாங்குகிறவரின் மனதில் அந்தக் கைக்கு ஒரு சாதி இருக்கிறது. அம்மா, பாட்டி என்ற பொதுப்பெயர்கள் அதை மறைத்துக் காக்கின்றன.

*

இந்த ஆண்டுப் பருவத்துக்கு முன்னால் குழு மறுபடி உட்கார்ந்தது. நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள்: ஆள், மணி. மூத்த அம்மா முதலில் இதைக் கேலிசெய்தார். "நம்ம வேலைய நாமளே எழுதி நமக்கே கூலி குடுத்துக்குறதா?" அது கேலி மட்டுமல்ல, சரியான கேள்வி. எழுதிவிட்டால் பணம் வந்துவிடாது. ஆனால் எழுதாவிட்டால் எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்றுகூடத் தெரியாது.

போட்டுப் பார்த்தார்கள். பழைய செலவுகளோடு 134 மணிக்கும் நூறு நாள் வேலையின் கூலியை வைத்தால் 5,343 ரூபாய் கூடுகிறது. மொத்தம் 21,343. 285 பாட்டிலுக்கு வகுத்தால் ஏறக்குறைய 75 ரூபாய். அதாவது 70-க்கு விற்ற ஒவ்வொரு பாட்டிலோடும் ஐந்து ரூபாய் உழைப்பைச் சேர்த்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். 75 என்பதும் இலாபம் இல்லாத விலைதான். பாத்திரத் தேய்மானமும் கடன் வட்டியும் அதில் இல்லை. பாட்டில் விலையைக் குறைக்க அரைக் கிலோ பாட்டிலுக்கு மாறலாமா என்று பேசினார்கள். ஒரு கிலோவுக்கான கண்ணாடிச் செலவு குறையும். ஆனால் திறந்த பாட்டில் அதிக நாள் வீட்டில் இருக்கும், ஈரக் கரண்டி விழும் வாய்ப்பும் கூடும், கெட்டால் குறை இவர்கள் தலையில் விழும். அதனால் பாதி மட்டும் மாற்றிப் பார்ப்பதாக முடிவு.

படிவத்தில் இந்த முறை 'சொந்த உழைப்பு' என்ற இடத்தில் கோடு போடவில்லை. மணியும் தொகையும் எழுதினார்கள். இலாப விழுக்காடு சுருங்கிவிட்டது. வங்கியில் அதைப் பார்த்தவர் 'இப்படி எழுதினா தொழில் நஷ்டத்துல ஓடுற மாதிரி தெரியுதே' என்றாராம். தெரிவது உண்மை, என்ன செய்வது?

டவுன் கடைக்காரரிடம் 78 ரூபாய் கேட்டார்கள். அவர் 76-க்கு ஒத்துக்கொண்டு, முன்பு எடுத்த 150 பாட்டிலுக்குப் பதிலாக 100 மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி ஐம்பதுக்கு வேறு கடை தேட வேண்டும். அந்த இளைய பெண் தொலைபேசியில் எனக்கு இதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "தேடுற நேரத்தையும் எழுதணும்ல டீச்சர்?" என்று கேட்டாள். எழுத வேண்டும் என்றேன்.